பதரா, தரிசா: மூன்று அணுக்களும் குறைந்த இரு ரத்த அறிக்கைகள்

கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் மருத்துவமனைக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் 56 வயது சமையல்காரர்: ஹீமோகுளோபின் 5.8, வெள்ளையணுக்கள் 2,600, தட்டணுக்கள் 48,000. மற்றவன் வேதாரண்யம் பக்கத்து 19 வயது மாணவன்: 6.1, 1,400, 9,000. மூன்று வகை அணுக்களும் இப்படிச் சேர்ந்து குறைவதைப் பான்சைட்டோபீனியா என்கிறோம். அது நோயின் பெயர் அன்று. காரணத்தைத் தேடச் சொல்லும் அடையாளம் மட்டுமே.

டெல்டாக்காரர்களுக்கு இதை வயலை வைத்துச் சொல்வேன். களத்துக்கு நெல் வரவில்லை என்றால், பயிர் அடர்ந்து நின்றும் மணி பிடிக்காமல் பதராகியிருக்கலாம். வைட்டமின் பி12 குறைபாடு அப்படித்தான்: ரத்த அணுக்கள் விளையும் வயலான எலும்பு மஜ்ஜையில் நிறைய அணுக்கள் உண்டு, முதிரும் முன்பே அங்கேயே அழிகின்றன. வயல் வெறும் தரிசாகக் கிடந்தால் அப்ளாஸ்டிக் அனீமியா. களை மண்டிப் பயிரை அமுக்கியிருந்தால் ரத்தப் புற்றுநோய்.

முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். சமையல்காரர் சுத்த சைவம்; சர்க்கரை நோய்க்காகப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். விரல் மூட்டுகள் மை பூசியது போலக் கறுத்திருந்தன. நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. கண்ணை மூடச் சொல்லிக் கால் பெருவிரலை அசைத்தால், அது மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. மாணவனிடம் இவை எதுவும் இல்லை. ஈறில் ரத்தக் கசிவு, காலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், காய்ச்சல். மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. நன்றாகப் பெருத்திருந்தால் தரிசு என்ற எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கல்லீரல் நோயையும் புற்றுநோயையும் தேடியிருப்பேன்.

அடுத்து ரெட்டிகுலோசைட், அதாவது புதிதாக வெளிவந்த இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை. இருவருக்குமே குறைவு. விளைச்சல் வெளியே வரவில்லை என்று மட்டுமே அது சொல்லும். பதரையும் தரிசையும் பிரித்துக் காட்டாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

பிரித்துக் காட்டியவை வேறு. சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. சமையல்காரருக்கு 118, மாணவனுக்கு 101. இயல்பு 80 முதல் 100 வரை. 100ஐச் சற்றே தாண்டுவது அப்ளாஸ்டிக் அனீமியாவிலும் உண்டு. இரும்புச்சத்தும் சேர்ந்து குறைந்தால் பி12 குறைபாட்டிலும் எம்.சி.வி. இயல்பாகவே இருந்துவிடும். அதனால் இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அணுக்கள் உடைந்தால் கசியும் எல்.டி.எச். நொதி சமையல்காரருக்கு 3,400, மாணவனுக்கு 210. மஜ்ஜைக்குள் அணுக்கள் கூட்டமாக அழிவதை இந்த வித்தியாசம் காட்டிக்கொடுத்தது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் கண்ணாடித் தகட்டில் தேய்த்த ஒரு சொட்டு ரத்தம். சமையல்காரரின் ஸ்மியரில் முட்டை வடிவப் பெரிய சிவப்பணுக்களும், உட்கரு ஆறு மடல்களாகப் பிரிந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் இருந்தன. மாணவனின் ஸ்மியர் வெறிச்சோடியிருந்தது. இருந்த சில அணுக்களில் கோளாறு இல்லை, புற்று அணுக்களும் இல்லை. இருந்தாலும் ஸ்மியரில் தெரியாத களை மஜ்ஜையில் ஒளிந்திருக்கலாம்.

ஆகவே மாணவனுக்கு மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் சில வகை ரத்தப் புற்றுநோய்கள் தற்காலிகமாக மறைந்து, நோயைக் கண்டறிவதே கெட்டுவிடும். சமையல்காரருக்கு அவசரப்பட்டு மஜ்ஜை எடுத்திருந்தால் வேறு ஆபத்து: பி12 இல்லாத மஜ்ஜை, அனுபவசாலியின் கண்ணுக்கும் சில சமயம் புற்றுநோய் போலவே தோன்றும். பி12 அளவுக்கான ரத்தத்தை எடுத்த பிறகே அவருக்கு முதல் ஊசியைப் போட்டோம். போட்டபின் எடுத்தால் அந்த அளவுக்குப் பொருளில்லை. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது இன்னும் மோசம். ரத்தம் ஓரளவு தேறும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் வளரும்.

ஊசிக்குப் பிறகு ஆறாம் நாள் ரெட்டிகுலோசைட் 14 சதவீதமாக ஏறியது. கணிப்பு சரி என்பதற்கு அதுவே சாட்சி. பத்து நாளாகியும் ஏறாமல் இருந்திருந்தால் அவருக்கும் மஜ்ஜை பார்த்திருப்போம், அவர் வயதில் மஜ்ஜையின் வேறு கோளாறுகளும் சாத்தியம் என்பதால். இரண்டு வாரத்தில் தட்டணுக்கள் 1,90,000 ஆயின. கால் மரமரப்பு குறைய மாதங்கள் ஆகும்.

மாணவனின் மஜ்ஜைத் துண்டில் பெரும்பகுதி கொழுப்பு. அணுக்கள் பத்து சதவீத இடத்தில்தான் இருந்தன. நியூட்ரோஃபில் 300. கடுமையான அப்ளாஸ்டிக் அனீமியா. வாசலில் அவன் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். "என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் டாக்டர்."

"வேண்டாம் தம்பி. உன் மஜ்ஜை அவனுக்குப் பொருந்தக்கூடும். உன் ரத்தத்தை இப்போது ஏற்றினால் அவன் உடல் உன் அணுக்களை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். பிறகு மஜ்ஜை வைத்தால் ஒட்டாமல் போகலாம்" என்றேன்.

வெளியாரின் ரத்தத்தை ஏற்றி, அண்ணனிடம் பொருத்தப் பரிசோதனைக்கு மட்டும் மாதிரி எடுத்து, அண்ணன் தம்பி இருவரையும் மஜ்ஜை மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம்.