குளோரீனையும் கொழும்பு வெயிலையும் தாங்குவது எது: நைலோனா, பொலியெஸ்டரா?

கொழும்பில் திறந்தவெளி நீச்சல் தடாகத்துக்குப் போகிறவர்கள் நீச்சலுடை பற்றி இரண்டு குறை சொல்வார்கள்: நிறம் போய்விட்டது, தொளதொளத்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் சரியான துணியை எடுக்கலாம்.

முதலில் நிறம். நைலோனுக்கு வழக்கமாக அமிலச் சாயம் போடுவார்கள். குளோரீன் அந்தச் சாயத்தையும் தாக்கும், நைலோன் இழையையும் மெல்ல அரிக்கும். கடுஞ்சிவப்பு உடுப்பு முதலில் தோளிலும் முதுகிலும்தான் வெளிறும், அங்கேதான் வெயில் நேராக விழுகிறது. பொலியெஸ்டருக்குச் சாயம் ஏற்றுவது சுமார் 130 பாகை வெப்பத்தில். சாயம் இழைக்குள்ளேயே போய் அடைந்துவிடுவதால் குளோரீனால் அதை எளிதில் தொட முடியாது. நிறத்தில் பொலியெஸ்டர்தான் வெல்லும், சந்தேகமே இல்லை.

தொய்வு வேறு கதை. உடுப்பு இழுபட்டு மீள்வது அதில் கலந்திருக்கும் எலாஸ்டேனால், அதாவது நாம் லைக்ரா என்கிற நூலால். குளோரீனுக்கு முதலில் பலியாவதும் அதுதான். ஆகவே 80 வீதம் பொலியெஸ்டர், 20 வீதம் எலாஸ்டேன் என்றிருந்தால் நிறம் நிற்கும், ஆனால் சாதாரண எலாஸ்டேன் என்றால் நைலோன் உடுப்பைப் போலவே தொய்யும். கடையில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

எலாஸ்டேனே இல்லாத துணியும் உண்டு. லேபலில் பொலியெஸ்டர் 53, பிபிடி 47 என்பதுபோல இருக்கும். பிபிடியும் பொலியெஸ்டர் இனம்தான். இழை தானே சுருண்டு நிற்பதால் ஓரளவு இழுபடும். இதைக் குளோரீன் அவ்வளவு லேசில் கெடுக்காது. குறை என்னவென்றால், தொட்டால் சற்று முரடு, இழுவையும் குறைவு. போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வாரத்தில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு நான் யோசிக்காமல் பிபிடி கலவையைத்தான் சொல்வேன். மாதத்தில் ஓரிரு முறை கல்கிசைக் கடலில் இறங்குகிறவருக்கு நைலோன் போதும்: மென்மையாக இருக்கும், உடம்போடு ஒட்டி நிற்கும், கடலில் தடாகக் குளோரீனும் இல்லை. வெயிலில் காயப்போடாமல் இருந்தால் சரி.

பழைய உடுப்பில் எலாஸ்டேன் போய்விட்டதா என்று பார்க்க, பின்பகுதியை இரு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளையாக மெல்லிய நூல்கள் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும், துணி கண்ணாடிபோல் தெரியும். அப்புறம் எந்தக் கழுவலும் அதை மீட்காது. புதிய உடுப்பை அந்த நிலைக்கு விடாமலிருக்க, தடாகத்தை விட்டு ஏறியதும் பைக்குள் சுருட்டாமல் அங்கேயே பைப் தண்ணீரில் நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள்.