‘ராத்திரி புரோட்டீன்’ என்று விற்கும் டப்பாவை வாங்கும் முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள்

எங்கள் ஜிம்மில் மாஸ்டர் சொல்லி, பக்கத்துக் கடையில் ரூ.4,800 கொடுத்து ஒரு கிலோ டப்பா வாங்கினேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘கேசின் – இரவு முழுக்க மெதுவாகச் செரிக்கும்’, ‘24 கிராம் புரோட்டீன்’ என்று இருந்தது. கேசின், வே இரண்டும் பாலில் இருக்கும் புரோட்டீன்கள். உடற்பயிற்சி முடிந்த அரை மணிக்குள் வே, படுக்கும் முன் கேசின், இரண்டும் இல்லாவிட்டால் தூங்கும்போது தசை கரைந்துவிடும் என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்கிறார். அங்கே வேலைக்குப் போகும் பையன்கள் பலர் பாதிச் சம்பளத்தை இதற்குக் கொடுக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது இது: ஒரு வேளைக்கு இரண்டு ஸ்கூப், 60 கிராம். அதில் 24 கிராம் புரோட்டீன் என்றால் டப்பாவில் பாதிகூட புரோட்டீன் இல்லை. மூலப்பொருள் பட்டியலில் முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து, அடுத்து வே, அப்புறம் கோகோ, அதற்கும் பின்னால் கேசின். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் கேசின் டப்பா என்று விற்றதில் கோகோவைவிடக் கேசின் குறைவு.

வீட்டில் ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து கட்டியாகிறதே, அந்தக் கட்டிதான் கேசின். பிரிந்து நிற்கும் தண்ணீரில் இருப்பது வே. பால் புரோட்டீனில் சுமார் 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே. வயிற்று அமிலத்திலும் கேசின் இப்படித்தான் கட்டியாகிறது, அதனால்தான் மெதுவாகச் செரிக்கிறது. பொடியை ஆறிய தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்தால் கேசின் உள்ள பொடி திப்பி திப்பியாகத் திரிய வேண்டும். என் டம்ளரில் ஓரத்தில் நாலு துகள் ஒட்டியதோடு சரி. சூடான தண்ணீரில் செய்யாதீர்கள், சூட்டில் வேயும் கட்டியாகும். பொடி கெட்டியாகக் கரைகிறது என்பதையும் நம்ப முடியாது. கோந்து வகை ஏதாவது சேர்த்தாலே கெட்டியாகிவிடும்.

சரி, அசல் கேசினே கிடைத்திருந்தால்? வேகமும் மெதுவும் பொய்யில்லை. 1997-இல் பிரான்சில் புவாரி குழுவினர் இதை அளந்து காட்டினார்கள். வே குடித்தால், புரோட்டீன் செரித்து வரும் அமினோ அமிலம் ரத்தத்தில் சட்டென்று ஏறி இறங்குகிறது. கேசினில் மெல்ல ஏறி ஏழு மணி நேரம்வரை தங்குகிறது. பயிற்சிக்குப் பிந்தைய முதல் மூன்று மணி நேரத்தை மட்டும் அளந்தால் தசை கட்டுமானத்தில் வே முந்துகிறது, தசை கட்டுவதைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் அதில் கொஞ்சம் அதிகம் என்பதும் ஒரு காரணம். ஆனால் ஆறு மணி நேரம் அளந்தபோது இரண்டும் ஏறத்தாழ சமமாக வந்தது. 2023-இல் நெதர்லாந்தில் மாலைப் பயிற்சி முடித்தவர்களுக்குப் படுக்கும் முன் 45 கிராம் வே அல்லது கேசின் கொடுத்து இரவு முழுக்கப் பார்த்தார்கள். தசை கட்டுமானத்தில் வித்தியாசம் இல்லை. ‘ராத்திரிக்குக் கேசின்தான்’ என்ற பேச்சுக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

தசை தேறுவதற்கு முதலில் வேண்டியது நாள் மொத்தப் புரோட்டீன். எடைப்பயிற்சி செய்பவருக்கு உடல் எடை கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் வந்துவிட்டால், அதற்கு மேல் தசை வளர்ச்சியில் பெரிய லாபம் சராசரியாகத் தெரிவதில்லை. 70 கிலோ இருப்பவருக்கு 112 கிராம். சாப்பாட்டில் 95 வந்துவிடுகிறது என்றால் மிச்சம் 17. அரை லிட்டர் பாலில் 16 கிராம் இருக்கிறது, அதில் முக்கால் பங்குக்கு மேல் கேசின். பால் ஒத்துக்கொள்ளாதவர் முட்டையோ சோயாவோ சாப்பிடலாம், நல்ல வேயும் எடுக்கலாம்.

என்னோடு இதே டப்பாவை வாங்கிய அண்ணன் ஒருவருக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு அதிகம் கோபம் வந்தது அதில்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுச்சத்து. படுக்கப் போகும் நேரத்தில் அதைக் கலக்கிக் குடிக்கச் சொல்லி, “இது வெறும் புரோட்டீன்தான்ணா” என்று விற்றிருக்கிறார்கள். காலையில் சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று அவர் மாத்திரையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். லேபிளைக் காட்டியதும் அன்றே நிறுத்திவிட்டார், டாக்டரிடமும் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினார்.

கடையில் கேட்டால் “சீல் உடைச்சாச்சு, எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். மாஸ்டர் “கம்பெனி பிளெண்ட் அப்படித்தான்” என்கிறார். பில், டப்பாவின் இரண்டு பக்கப் படம், லேபிளில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி டப்பா வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில்லோடு சேர்த்து வையுங்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.