ரெண்டு கிலோ கோழியும் என் 28 லிட்டர் ஓடிஜியும்: ஆறு வருஷ அனுபவம்

போன வாரம் என் ஓடிஜி மின் அடுப்பில் மேல்பக்கச் சூடாக்கும் கம்பியை மாற்றினேன். அதே நாளில் சித்தி பொண்ணு கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, குறிப்புல 1.2 கிலோ கோழிக்கு 65 நிமிஷம்னு இருக்கு. கடைக்காரர் தோலோட 2.1 கிலோ கொடுத்துட்டார். எவ்வளவு நேரம் வைக்கட்டும்? மசாலாவையும் ரெண்டு மடங்கு போடவா?" ஆறு வருஷமாக என்னை விடாமல் எரிச்சல்படுத்தும் கேள்வி இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அடுப்போடு வந்த சமையல் கையேட்டில் முழுக்கோழிக்கு ஒரே ஒரு குறிப்புதான்: 1.2 கிலோ, 190 டிகிரி, 65 நிமிடம். கீழே ஒரு வரி, "எடை கூடினால் அதற்கேற்ப நேரத்தையும் மசாலாவையும் கூட்டவும்." அந்த ஒரு வரியை நம்பி ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஈஸ்டரைப் பாழாக்கினேன். கோழி 2.2 கிலோ. கணக்குப்படி கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் வைத்தேன். தொடை நன்றாகவே இருந்தது. நெஞ்சுக்கறி நார் நாராக வந்தது, தண்ணீர் குடித்தால்தான் விழுங்க முடிந்தது. மேல் மசாலா கறுத்துக் கசந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தோலை உரித்து ஓரமாக வைத்ததை நான் மறக்கவில்லை.

அந்த வரி ஏன் தப்பு? கோழி வேகும் நேரத்தை எடை நேரடியாக முடிவு செய்வதில்லை. சூடு வெளியிலிருந்து நடுவுக்குப் போய்ச் சேரவேண்டிய தூரம்தான் முடிவு செய்கிறது. அந்தத் தூரம் ரெண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்காகும். ஆனால் கோழியின் எடை ரெண்டு மடங்கானால் அதன் தடிமன் கால்வாசிதான் கூடுகிறது, ஏனென்றால் அது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சேர்ந்து வளர்கிறது. ரெண்டையும் பொருத்திப் பார்த்தால், எடை ரெண்டு மடங்காகும்போது நேரம் சுமார் 1.6 மடங்கு. எடை ஒன்றரை மடங்கென்றால் நேரம் 1.3 மடங்கு. போன் கால்குலேட்டரில் போட விரும்பினால், எடை எத்தனை மடங்கோ அதன் கனமூலத்தை எடுத்து அதையே அதால் பெருக்குங்கள்.

தங்கையின் கோழி 2.1 கிலோ, அதாவது 1.75 மடங்கு. அதன் கனமூலம் சுமார் 1.2, அதை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 1.45. ஆக 65 நிமிடம் 94 நிமிடமாகிறது. கையேட்டு வழியில் போயிருந்தால் 114. அந்த இருபது நிமிட வித்தியாசத்தில்தான் நெஞ்சுக்கறி காய்ந்துபோகிறது. ஆங்கிலேயர் சமையலில் கிலோவுக்கு 45 நிமிடம், அதற்கு மேல் பொதுவாக 20 நிமிடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அந்த மாறாத 20 நிமிடம் இதே உண்மையைத்தான் தோராயமாகப் பிடிக்கிறது.

மசாலா விஷயத்தில் உப்பு ஒரு பக்கம், மற்றதெல்லாம் ஒரு பக்கம். உப்பு நேரம் கொடுத்தால் கறிக்குள் இறங்கும், அதனால் அது எடைக்கு நேராகக் கூடவேண்டும். நான் எலும்போடு சேர்த்த எடைக்கு 1.2 சதவீதம் போடுகிறேன்: 1.2 கிலோவுக்கு 14 கிராம், 2.1 கிலோவுக்கு 25 கிராம். ஸ்பூனை நம்பாதீர்கள், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை இருக்காது. பெரிய கோழியில் உப்பு போகும் தூரமும் அதிகம். சின்னதுக்கு முந்தின ராத்திரி தடவினால் போதும், இதற்கு முழுசாக ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைக்கிறேன்.

மிளகாய்த்தூள், மிளகு, மல்லி, இஞ்சி பூண்டு விழுது இவையெல்லாம் பெரும்பாலும் மேலேயே நிற்கும். மேல்பரப்பு எடை அளவுக்கு வளர்வதில்லை, நேரத்துக்குச் சொன்ன அதே 1.45 மடங்குதான் வளர்கிறது. ஆகவே ஆறு ஸ்பூன் மசாலா ஒன்பது ஸ்பூனுக்குள் நிற்கவேண்டும். பத்தரை போட்டால் பூச்சு கனமாகி, அதிக நேரம் வேறு கிடப்பதால், உள்ளே வேகுமுன் வெளியே கருகும். முதலில் கருகுவது பூண்டுதான். அதனால் விழுதைத் தோலுக்கு அடியில் தள்ளி, மேலே தூளும் எண்ணெயும் மட்டும் பூசுகிறேன். தோல் உரித்த கோழியில் இந்த வசதி கிடையாது, கடையில் கேட்டு தோலோடு வாங்குங்கள்.

இந்த ஆறு வருஷத்தில் நான் எதிர்பாராமல் சந்தோஷப்பட்ட பொருள் அடுப்பு அல்ல, கறியில் குத்திப் பார்க்கும் சின்னத் தெர்மாமீட்டர். கம்பி மாற்றியபின் வந்த ஞாயிறு, தங்கைக்காகவே நானும் 2.1 கிலோ வாங்கிச் சோதித்தேன். பெரிய கோழி மேலே கருகாமல் இருக்க 190-க்குப் பதில் 180-ல் வைத்தேன், அதனால் 94-ஐவிடக் கொஞ்சம் கூடும் என்று தெரியும். 45-வது நிமிடத்தில் நெஞ்சின் மேல் ஃபாயில் போட்டேன். 80-ல் நெஞ்சு 61 டிகிரி, 95-ல் 68. 102-வது நிமிடத்தில் நெஞ்சு 72, தொடை 81. எடுத்து வைத்துக் கால் மணி நேரம் தொடவில்லை. உள்ளே சூடு தானாக ஏறி நெஞ்சு 74-ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் வெட்டினேன். 74 பாதுகாப்பான அளவு. ஏறாவிட்டால் திரும்ப உள்ளே வைக்கவேண்டும். அம்மா இந்த முறை தோலையும் சாப்பிட்டார்.

குத்தும்போது முனை எலும்பில் பட்டால் அளவு தப்பாகக் காட்டும். நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் பாருங்கள். தொடை எலும்போரம் சிவந்திருப்பதை வைத்து வேகவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். இளங்கோழியில் எலும்புச் சாறு கசிந்து, முழுசாக வெந்த பிறகும் அப்படித் தெரியும்.

இந்தக் கணக்கு தடிமனும் சேர்ந்து வளரும் பொருளுக்குத்தான். ஆட்டுத்தொடை நீளமாக இருப்பதால் எடை கூடியிருந்தால் நேரம் அவ்வளவு கூடாது, தடித்த இடம் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். 1.2 கிலோ கோழி ரெண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அது 2.4 கிலோ கோழி ஆகாது. ஒரு கோழிக்கான நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டிக் குத்திப் பார்த்தால் போதும்.

அடுப்பைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு கம்பிதான் போயிருக்கிறது. கேக், பிரெட், ஒன்றேகால் கிலோ வரை கோழி எல்லாம் அருமையாக வரும். டைமர் 60 நிமிடத்தில் நின்றுவிடும், எழுந்துபோய்த் திரும்ப முறுக்கவேண்டும், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தங்கை கடைசியில், "அப்போ நானும் அதே மாடல் வாங்கட்டுமா அக்கா?" என்று கேட்டபோது, வேண்டாம் என்றுதான் சொன்னேன். 2.1 கிலோ கோழியைக் கீழ்த் தட்டிலேயே வைத்தாலும் நெஞ்சுக்கும் மேல் கம்பிக்கும் நடுவே நாலு விரல்தான் இடைவெளி. ஃபாயில் போட மறந்த அன்றைக்கு எந்தக் கணக்கும் காப்பாற்றாது. 40 லிட்டருக்குக் குறையாமல் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.