மெய் அட்டவணையில் இருந்து நேரா டி.என்.எஃப்: 11 வருஷம் பயன்படுத்தின பிறகு

ராணிப்பேட்டைப் பக்கம் கன்ட்ரோல் பேனல் வயரிங் செய்கிறேன். பெரும்பாலும் பம்ப், மோட்டார் வேலைதான். பாலாற்றில் மணல்தான் அதிகம் தெரியும் என்பதால், வேலூர் வட்டாரத்தில் போர்வெல், சம்ப், மேல்தொட்டி இல்லாத இடமே கிடையாது. டிப்ளமோ படித்தபோது மார்க்குக்காகப் படித்த 'டிஸ்ஜங்டிவ் நார்மல் ஃபார்ம்' என்கிற சங்கதியை, சுருக்கமாக டி.என்.எஃப், 11 வருஷமாகத் தொழிலில் பயன்படுத்துகிறேன். ஒரு விதியை 'மற்றும்' போட்ட துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளை 'அல்லது' போட்டுக் கோத்து எழுதுவதுதான் அது. எதில் கைகொடுத்தது, எதில் காலை வாரியது என்று எழுதுகிறேன்.

ஒரு ஓனர் சொன்ன விதி இது: "சம்புல தண்ணி இருக்கணும். மேல்தொட்டி ரொம்பிட்டா, டெஸ்ட் சுவிட்ச் போட்டிருந்தா மட்டும்தான் மோட்டார் ஓடணும்." சம்பில் தண்ணீர் இருப்பது ச, மேல்தொட்டி நிறைந்திருப்பது ம, டெஸ்ட் சுவிட்ச் போட்டிருப்பது ட. அவர் சொன்னது ச ∧ (ம → ட), அதாவது 'ச மற்றும், ம என்றால் ட'. இதில் இருக்கும் அம்புக்குறிக்கு எந்தக் கடையிலும் ரிலே விற்பதில்லை. நம் கையில் இருப்பது மூன்றே சங்கதிகள்: வரிசையாகக் கோத்தால் 'மற்றும்' எனும் ∧, பக்கவாட்டில் சேர்த்தால் 'அல்லது' எனும் ∨, சாதாரணமாக மூடியிருக்கும் என்.சி கான்டாக்ட் எடுத்தால் 'இல்லை' எனும் ¬.

அதனால் அம்பை உடைக்கப் பார்க்காமல், 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை என்று எட்டு நிலைகளையும் மெய் அட்டவணையாக எழுதி, மோட்டார் ஓட வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஓனரையே கேட்டேன்.

```
ச ம ட | மோட்டார்
0 0 0 | 0
0 0 1 | 0
0 1 0 | 0
0 1 1 | 0
1 0 0 | 1
1 0 1 | 1
1 1 0 | 0
1 1 1 | 1
```

இனி படிப்பது மட்டுமே வேலை. கடைசிக் கட்டத்தில் 1 உள்ள வரிசைகளை மட்டும் எடுங்கள். 1 0 0 என்ற வரிசை ச ∧ ¬ம ∧ ¬ட ஆகும். அடுத்தது ச ∧ ¬ம ∧ ட. கடைசி ச ∧ ம ∧ ட. மூன்றையும் 'அல்லது' போட்டுக் கோத்தால் முடிந்தது:

(ச ∧ ¬ம ∧ ¬ட) ∨ (ச ∧ ¬ம ∧ ட) ∨ (ச ∧ ம ∧ ட)

பக்கத்தில் நின்ற பையன் முதல் வரிசையை வெறும் 'ச' என்று எழுதிவிட்டு, "இன்னாணா, மத்த ரெண்டும் சைபர்தானே, எதுக்கு எழுதணும்?" என்றான். எல்லோரும் செய்கிற தவறு இது. சைபர் என்றால் 'கணக்கில் இல்லை' என்று பொருளல்ல, 'இல்லாமல் இருக்கிறது' என்று பொருள். வெறும் ச என்று விட்டால் 1 1 0 வரிசையிலும் மோட்டார் ஓடி, மேல்தொட்டி வழிந்து மாடி நனையும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஒவ்வொரு துண்டிலும் மூன்று எழுத்தும் இருக்க வேண்டும், துண்டுகளின் எண்ணிக்கையும் கடைசிக் கட்டத்து 1-களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"எந்த விதி குடுத்தாலும் இப்படி வந்துடுமாணா?" என்று அவனே கேட்டான். வரும். ஒரு துண்டு என்பது ஒரு வரிசையின் முழு முகவரி மாதிரி. ச ∧ ¬ம ∧ ட என்பது 1 0 1 வரிசையில் மட்டும் உண்மை, மற்ற ஏழிலும் ஓர் எழுத்தாவது பொருந்தாமல் பொய்யாகிவிடும். அப்படிப்பட்ட முகவரிகளை 'அல்லது' போட்டுச் சேர்த்தால், பட்டியலில் உள்ள வரிசைகளில் உண்மை, இல்லாதவற்றில் பொய். மூல வாய்பாடும் அதே வரிசைகளில்தான் உண்மை. எல்லா வரிசையிலும் இரண்டும் ஒத்துப்போனால், இரண்டும் சமானம் என்பதற்கு அதற்கு மேல் பொருளே இல்லை. வாய்பாடு எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் அதில் உள்ள எழுத்துகள் முடிவுள்ளவை, ஆகவே வரிசைகளும் முடிவுள்ளவை. வாய்பாட்டுக்குள்ளே என்ன குறி இருந்தது என்று இந்த வாதம் எட்டியே பார்க்கவில்லை, கவனித்தீர்களா? அம்பு இருந்தாலும் ஒன்றுதான், வேறு எது இருந்தாலும் ஒன்றுதான்.

ஒரே ஒரு மூலை மட்டும் பாக்கி. கடைசிக் கட்டம் முழுக்க 0 என்றால் எடுக்க வரிசையே இருக்காது. அப்போது ச ∧ ¬ச என்று எழுதிக்கொள்ளலாம், அதுவும் டி.என்.எஃப்தான், எப்போதும் பொய். தர்க்க அறிஞர் எமில் போஸ்ட் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் மெய் அட்டவணையை முறையாகப் பயன்படுத்தினார். கிளாட் ஷானன் 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் இதே தர்க்கத்தை ரிலே சர்க்யூட்டுக்குக் கொண்டுவந்தார். என் பேனல் ஓடுவது அவர்கள் புண்ணியத்தில்.

இனி குறைகள். அந்த ஓனரின் பேனலில், மூன்று துண்டையும் அப்படியே வயர் செய்தேன், 9 கான்டாக்ட். டெஸ்ட் சுவிட்ச் போட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, மேல்தொட்டி நிறைந்து ஃப்ளோட் மாறிய அந்த நொடியில், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டர் 'டக் டக்' என்று விட்டுப் பிடித்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அட்டவணைப்படி 1 0 1-இலும் ஓட வேண்டும், 1 1 1-இலும் ஓட வேண்டும், பின் ஏன்? ம ரிலே, என்.சி-யை விட்டுவிட்டுத்தான், சாதாரணமாகத் திறந்திருக்கும் என்.ஓ-வைப் பிடிக்கிறது. நடுவில் சில மில்லிசெகண்ட் இரண்டு துண்டுமே திறந்திருக்கின்றன. அட்டவணைக்கு நிலைகள் தெரியும், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நேரம் தெரியாது.

மருந்தும் அதிலேயே இருந்தது. முதல் இரண்டு துண்டும் ட-வில் மட்டும் வேறுபடுவதால் ச ∧ ¬ம ஆகும். பின் இரண்டும் ம-வில் மட்டும் வேறுபடுவதால் ச ∧ ட ஆகும். நடுத்துண்டை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம், தப்பில்லை. (ச ∧ ¬ம) ∨ (ச ∧ ட) என்று 4 கான்டாக்டில் முடிந்தது. ச ∧ ட-வுக்கு ம மாறுவதே தெரியாது, சத்தம் நின்றது. ச-வைப் பொதுவாக வெளியே எடுத்தால் 3 கான்டாக்ட் போதும், ஆனால் அப்புறம் அது டி.என்.எஃப் இல்லை.

எல்லாம் இப்படிச் சுருங்கும் என்று நம்பாதீர்கள். மூன்று இடத்திலிருந்து எந்த சுவிட்சைத் தட்டினாலும் மாறுகிற லைட்டில், ஒற்றைப்படை எண்ணிக்கையில் சுவிட்ச் போட்டிருந்தால் எரிய வேண்டும். 1 வருகிற நான்கு வரிசைகளில் எந்த இரண்டும் ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடாது, அதனால் ஒரு துண்டுகூடக் குறையாது. சுவிட்ச் 10 ஆனால் 512 துண்டு. அட்டவணையே 1024 வரிசை என்பதால், நான் 5 உள்ளீட்டுக்கு மேல் கையால் எழுதுவதில்லை.

கடைசியாக, பம்ப் வேலைக்கு வருபவர்களுக்கு. 'தண்ணீர் கீழ் ஃப்ளோட்டுக்குக் கீழே போனால் ஓடு, மேல் ஃப்ளோட்டைத் தொட்டால் நில்' என்று சொன்னால், நடுவில் தண்ணீர் இருக்கும் வரிசையில் 1 போடுவதா 0 போடுவதா? முன்பு ஓடிக்கொண்டிருந்ததா என்பதைப் பொறுத்தது. கட்டத்தை நிரப்ப முடியாமல் பேனா நின்றால், முறை தவறவில்லை, ஓர் உள்ளீடு குறைகிறது என்று பொருள். மோட்டார் ஓடுகிறதா என்று காட்டும், கான்டாக்டரின் ஆக்ஸிலியரி கான்டாக்டை இன்னொரு எழுத்தாகச் சேர்த்து, அட்டவணையை மறுபடி எழுதுங்கள். நிரம்பிவிடும்.