செக்கு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள், எனக்கு 1,85,000 ரூபாய் போய்விட்டது

ஒரத்தநாடு பக்கம் சின்னதாக ஒரு எண்ணெய்ச் செக்கு போடலாம் என்று இறங்கினேன். மேற்கே ஒரு ஊரில் செக்கு செய்து விற்கிற பட்டறையில் 1,85,000 ரூபாய் கட்டி, 20 கிலோ பிடிக்கிற மரச்செக்கு எடுத்தேன். இன்றைக்கு அது கொட்டகையில் சும்மா நிற்கிறது. வயிறு எரிகிறது.

பட்டறையில் ஓட்டிக் காட்டினார்கள். 20 கிலோ நிலக்கடலைப் பருப்பு போட்டு, 9 கிலோவுக்கு மேல் எண்ணெய் எடுத்துக் கண் முன்னாலேயே எடை வைத்தார் முதலாளி. "எங்கம்மாவுக்கும் பட்டுக்கோட்டைதாண்ணே, சொந்த ஊர்க்காரங்கள ஏமாத்துவனா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்தேன்.

அந்த 9 கிலோவே மோசடி. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த செக்கு அது. முந்தின ஆட்டத்து எண்ணெயும் பிண்டியும் உரலுக்குள்ளேயே தங்கியிருந்தது. எடை போட்டதும் கலங்கல் எண்ணெயை. இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, அடியில் நிற்கிற மண்டியைக் கழித்தால்தானே உண்மையான கணக்கு?

இங்கே வந்து ஓட்டினால் தெளிந்த எண்ணெய் 7 கிலோதான் தேறுகிறது. லிட்டரில் ஏழே முக்காலுக்குள். பருப்பு கிலோ 120 என்றால் 2,400 ரூபாய். புண்ணாக்கு விற்று 480 வரும். மீதியை வகுத்தால் ஒரு லிட்டரின் அடக்கமே 250. அவர் காட்டிய கணக்குப்படி 200க்குள் அடங்கியிருக்க வேண்டும். கரண்ட், கூலி, பாட்டில் எல்லாம் இதற்கு மேல். 280க்கு மேல் விலை சொன்னால் இங்கே ஆள் நகர்ந்துவிடுகிறார்கள், பக்கத்துக் கடையில் கம்பெனி ரீபைண்ட் பாக்கெட் அதைவிட எவ்வளவோ மலிவு. அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்?

புண்ணாக்கைக் கையில் பிசைந்தால் உள்ளங்கை முழுக்க எண்ணெய் பளபளக்கிறது. உலக்கை உரலில் சரியாகப் படியவில்லை. வாகை என்று சொல்லிக் கொடுத்த மரம் சரியாகக் காயாத மரம், உரலில் ரேகை ஓட்டத்திலேயே வெடிப்பு விட்டிருக்கிறது.

போன் செய்தால் முதலில் "பருப்புல ஈரம் இருக்கும், நல்லா காயவைங்க" என்றார். காயவைத்தேன். அடுத்து, "ரொம்பக் காஞ்சிருச்சு, தண்ணி தெளிச்சு ஆட்டுங்க". அதையும் செய்தேன். பிறகு மெக்கானிக் வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார். இப்போது போனையே எடுப்பதில்லை. பில்லில் "மரச்செக்கு 1 செட்" என்று மட்டும்தான் இருக்கிறது, எத்தனை கிலோ எண்ணெய் வரும் என்று ஒரு எழுத்து இல்லை. 1,85,000 ரூபாய்க்கு அந்த ஒரு துண்டுச் சீட்டு!

வாங்கப் போகிறவர்கள் உங்கள் பருப்பைக் கொண்டுபோங்கள். உரலை வழித்துத் துடைத்த பிறகு போடச் சொல்லுங்கள். எண்ணெயைத் தெளியவைத்து எடை போடுங்கள், புண்ணாக்கைப் பிசைந்து பாருங்கள். எண்ணெய் அளவையும் மர உத்தரவாதத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். இங்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டும் வரை பாதிப் பணத்தை விடாதீர்கள்.