மூன்று வருடமா, ஆறு வருடமா? அமெரிக்க 401(கே)-யில் கம்பெனி போட்ட பணம் எப்போது நம்முடையது ஆகிறது

நெய்வேலியிலோ கடலூர் சிப்காட்டிலோ வேலை பார்த்தவர்களுக்கு பி.எஃப். கணக்கு அத்துப்படி. சம்பளத்தில் பிடித்ததும் நம்முடையது, கம்பெனி தன் பங்காகப் போட்டதும் நம்முடையது. ஒரு வருடத்தில் வேலையை விட்டாலும் அந்தப் பங்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனி பங்கிலிருந்து பென்ஷன் திட்டத்துக்குப் போகும் பகுதிக்கு மட்டும் பத்து வருடக் கணக்கு ஒன்று உண்டு. பத்து வருடம் முடியாவிட்டால் மாதப் பென்ஷன் கிடையாது, அட்டவணைப்படி ஒரு தொகை வரும்.

பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போய், கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே) கணக்கு தொடங்கியதும் பெற்றோர் இதே கணக்கைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். "அது அங்கத்து பி.எஃப்.தானே?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பாதி சரி. சம்பளத்தில் பிடித்துப் போட்டது முதல் நாளிலிருந்தே பிள்ளையுடையது, அதை யாரும் தொட முடியாது. கம்பெனி அதற்கு ஈடாகப் போடும் பணம், அதாவது மேட்ச், கணக்கில் தெரிந்தாலும் முழுதாகக் கைக்கு வர நாள் ஆகலாம். இந்த உரிமை படிப்படியாகச் சேர்வதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். நம் ஊர் கிராஜுவிட்டியில் ஐந்து வருடம் என்று ஒரு கோடு இருக்கிறதே, அந்த மாதிரிக் கோடு இங்கே மேட்ச் பணத்தின் நடுவில் போடப்பட்டிருக்கிறது.

அமெரிக்கச் சட்டம் கம்பெனிகளுக்கு இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. ஒன்று கிளிஃப்: அதிகபட்சம் மூன்று வருடம் வரை ஒன்றுமே தராமல் இருக்கலாம், மூன்று முடிந்ததும் மொத்தமும் தந்துவிட வேண்டும். இன்னொன்று கிரேடட்: இரண்டாம் வருடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, அதிகபட்சம் ஆறு வருடத்தில் முழுதாக. இவற்றைவிடத் தாராளமாக இருக்க கம்பெனிக்குத் தடை இல்லை. இவற்றைவிடக் கறாராக இருக்கத்தான் முடியாது.

| முடித்த வருடம் | கிளிஃப் | கிரேடட் |
|---|---|---|
| 1 | 0% | 0% |
| 2 | 0% | 20% |
| 3 | 100% | 40% |
| 4 | 100% | 60% |
| 5 | 100% | 80% |
| 6 | 100% | 100% |

மேலோட்டமாகப் பார்த்தால் கிரேடட்தான் இரக்கமுள்ளது போலத் தெரியும், இரண்டு வருடத்திலேயே ஏதோ கிடைக்கிறதே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் விட்டுப் போகிறவருக்கு மட்டும்தான் அது நல்லது. மூன்று வருடத்தைத் தாண்டி, ஆறுக்கு முன் விடுகிற ஒவ்வொருவருக்கும் கிளிஃப்தான் லாபம். எச்-1பி விசாவில் போகிற நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையாக உறைக்கும். அந்த விசா முதலில் மூன்று வருடம், பிறகு நீட்டித்தால் வழக்கமாக மொத்தம் ஆறு வருடம். கிரேடட் திட்டத்தில் மேட்ச் முழுதாக வர வேண்டுமானால் அந்த ஆறு வருடத்தையும் ஒரே கம்பெனியில் கழித்தாக வேண்டும். எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள்?

சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மஞ்சக்குப்பத்துப் பெண், நியூ ஜெர்சியில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் 5 அன்று சேர்ந்தாள். ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அதில் 6 சதவீதம், அதாவது வருடம் 5,400 டாலர், 401(கே)-க்குப் போகிறது. கம்பெனி அதில் பாதியை மேட்ச் செய்கிறது: வருடம் 2,700. பங்குச் சந்தை ஏற்ற இறக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 2026 பிப்ரவரி தொடக்கத்தில், சேர்ந்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆன நிலையில், வேறு கம்பெனி வருடம் 12,000 டாலர் கூடுதலாகத் தருகிறேன் என்கிறது. அதுவரை சேர்ந்த மேட்ச் 7,200 டாலர்.

அவள் கம்பெனியில் கிளிஃப் என்றால், பிப்ரவரியில் விட்டால் அந்த 7,200-ம் போச்சு, ஒரு டாலர்கூட வராது. ஜூன் வரை நான்கு மாதம் பொறுத்தால் அதுவரை சேரும் 8,100-ம் அவளுடையது. பொறுத்ததற்கு விலை, புதுச் சம்பளத்தில் வந்திருக்கக்கூடிய கூடுதல்: மாதம் 1,000 வீதம் 4,000 டாலர். புது வேலை அதற்குள் கை நழுவாது என்ற உறுதி இருந்தால் பொறுப்பதுதான் கணக்கு.

கிரேடட் என்றால் கதை திரும்பிவிடுகிறது. பிப்ரவரியில் விட்டால் 20 சதவீதம், 1,440 டாலர் கிடைக்கும். ஜூன் வரை இருந்தால் 8,100-இல் 40 சதவீதம், 3,240. நான்கு மாதக் காத்திருப்புக்குக் கிடைப்பது 1,800 டாலர், விடுவது 4,000. இங்கே கிளம்பிவிடுவதுதான் சரி. அதே பெண், அதே சம்பளம், அதே புது வேலை. திட்டத்தின் ஒரு வரி மாறியதும் பதில் தலைகீழ். அதனால்தான் "மூணு வருஷம் இருந்துட்டு விடும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே யோசனை சொல்வது எனக்குப் பிடிக்காது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. 'ஒரு வருடம்' என்பதைத் திட்டம் எப்படி எண்ணுகிறது என்பது. சில திட்டங்கள் சேர்ந்த தேதியிலிருந்து நாட்காட்டியைப் பார்த்து எண்ணும். அப்படியானால் மேலே போட்ட கணக்கு அப்படியே நிற்கும். வேறு பல திட்டங்கள் வேலை மணிநேரத்தை எண்ணுகின்றன: பன்னிரண்டு மாதக் காலத்துக்குள் 1,000 மணிநேரம் வந்துவிட்டால் ஒரு வருடம் முடிந்தது. சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் இந்த மணிநேரத்தில் சேரும். அந்தப் பன்னிரண்டு மாதம் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று திட்டத்தில் இருந்தால் என்ன ஆகும் பாருங்கள். ஜூன் 5-இல் சேர்ந்தவள் டிசம்பருக்குள் சுமார் முப்பது வாரம் வேலை பார்த்திருப்பாள், வாரம் 40 மணி வீதம் ஏறக்குறைய 1,200 மணி. 2023 ஒரு வருடம் ஆகிவிட்டது. 2024 இரண்டாவது. 2025-இல் ஆண்டின் பாதியிலேயே 1,000 மணி தாண்டி மூன்றாவதும் முடிந்தது.

அதாவது பிப்ரவரி 2026-இல், எட்டு மாதம் கழிந்த மூன்றாம் வருடத்தில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, திட்டத்தின் கணக்கில் மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. கிளிஃப் என்றால் 7,200-ம் அவள் கையில், நாளைக்கே விடலாம். கிரேடட் என்றால் 1,440-க்குப் பதில் 2,880. பொறுக்கத் தேவையில்லாத ஒரு காத்திருப்புக்காக 4,000 டாலரை விட்டிருப்பாள்.

இதை எங்கே பார்ப்பது? கணக்கைத் திறந்ததும் பெரிதாகத் தெரியும் மொத்தத் தொகையை நம்பக் கூடாது, அதில் கம்பெனி போட்டது முழுதும் சேர்ந்திருக்கும். அதற்குப் பக்கத்திலோ உள்ளேயோ Vested Balance என்று தனியாக ஒரு தொகை இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்று விட்டால் போகும் பணம். எண்ணும் முறை வேண்டுமானால் Summary Plan Description என்ற கையேட்டைப் பார்க்க வேண்டும், அதில் வெஸ்டிங் பகுதியில் மணிநேரமா, தேதியா என்று எழுதியிருக்கும். திரையில் காட்டும் சதவீதம் தவறாகவும் இருக்கலாம், குறிப்பாக சேர்ந்த தேதி தவறாகப் பதிவாகியிருந்தால். அதனால் ராஜினாமா கடிதம் அனுப்பும் முன் ஹெச்.ஆரிடம் வெஸ்டிங் சதவீதத்தையும் அடுத்த படி என்றைக்கு என்பதையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சில கம்பெனிகளில் இந்தத் தலைவலியே கிடையாது. சேஃப் ஹார்பர் என்ற வகைத் திட்டத்தில் அந்த விதியின்படி போடும் பங்கு உடனே முழுதாக நம்முடையது. ஊழியரைத் தானாகச் சேர்த்துவிடும் ஒரு வகை சேஃப் ஹார்பரில் மட்டும் இரண்டு வருடம் வரை காக்க வைக்கலாம். வேலைக்கு இரண்டு ஆஃபர் கையில் இருந்தால் மேட்ச் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காமல் வெஸ்டிங் எப்படி என்றும் கேட்க வேண்டும். ஆறு வருட கிரேடட் வைத்திருக்கும் 6 சதவீத மேட்சைவிட, உடனே கிடைக்கும் 4 சதவீதம் மூன்று வருடத்தில் நகர்கிறவருக்கு நிச்சயம் மேல்: முதலாவதில் அவருக்குத் தங்குவது 2.4 சதவீதம்தான்.

ஆட்குறைப்பில் வேலை போனால்? சதவீதம் தானாக உயராது, அன்று இருந்ததுதான். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பெனி ஒரேயடியாகப் பலரை அனுப்பி, திட்டத்தில் இருந்தவர்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ வெளியேற்றப்பட்டால், அதைத் திட்டம் பகுதியாக மூடப்பட்டதாகவே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது அதில் வேலை இழந்தவர்களுக்கு 100 சதவீதமும் வர வேண்டும். கூட்டமாக வேலை போன இடத்தில் இருந்தவர்கள் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

இன்னொன்று, ஊர் திரும்புகிறவர்கள் செய்யும் அவசரம். விசா முடிந்து கிளம்பும்போது கணக்கை மூடி மொத்தமாகப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். பல திட்டங்களில் அப்படி எடுத்த உடனே உரிமை சேராத பகுதி பறிபோய்விடும். எடுக்காமல் விட்டால் அது பொதுவாகத் தொடர்ச்சியாக ஐந்து வருட இடைவெளி ஆகும்வரை கணக்கிலேயே நிற்கும். அதற்குள் அதே கம்பெனிக்குத் திரும்ப நேர்ந்தால் பழைய வருடங்களோடு சேர்ந்து வளரும். திரும்பும் வாய்ப்பு துளியும் இல்லை என்றால் இதில் இழப்பு ஒன்றுமில்லை. இருக்கிறது என்றால் பொறுக்கலாம்.

பறிபோன பணம் கம்பெனி முதலாளியின் பைக்குப் போவதில்லை. திட்டத்துக்குள்ளேயே தனியாக நின்று, நிர்வாகச் செலவுக்கோ கம்பெனி அடுத்து போட வேண்டிய பங்கைக் குறைக்கவோ மற்ற ஊழியர்களின் கணக்கில் பிரித்துப் போடவோ பயன்படும்.

கடைசியாக, கிளிஃபுக்குச் சில மாதம் முன்னால் விட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், புதுக் கம்பெனியிடம் அந்தத் தொகையைச் சொல்லிக் கேட்கலாம். இத்தனை டாலர் மேட்சை விட்டுவிட்டு வருகிறேன், வேலையில் சேரும்போது தரும் போனஸாக ஈடு கட்டுங்கள் என்பது அங்கே சாதாரணமாகக் கேட்கும் விஷயம். திரையில் தெரியும் இரண்டு தொகைகளின் வித்தியாசத்தைக் காட்டிக் கேட்டால் வாதாட வேண்டிய தேவையே குறையும். ஆனால் போனஸுக்கு அந்த வருடமே வரி பிடிப்பார்கள் என்பதால் 7,200-க்கு ஈடாக அதைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் கையெழுத்துப் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.