புடவையை மாற்றிப் பார்க்க: கைபேசிச் செயலியா, கணினியா?

அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அரக்கு நிறப் பட்டு எடுப்பதா, மயில் கழுத்து நிறம் எடுப்பதா என்ற வழக்கு வீட்டில் முற்றிய நேரத்தில்தான் இந்தச் சோதனையில் இறங்கினேன். ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் அதில் இருப்பவரின் உடையை மாற்றிக் காட்டும் இலவசச் செயலி ஒன்று என் கைபேசியில் இருந்தது. வீட்டுக் கணினியில் கிம்ப் என்ற படத் தொகுப்பு மென்பொருளும், எழுத்தில் கேட்டால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு மாதிரியான ஸ்டேபிள் டிஃப்யூஷனும் இருந்தன. அவையும் இலவசம்தான். இரண்டு வழியிலும் அதே பெண்ணுக்கு, அதே புடவையை உடுத்திப் பார்த்தோம். நான் கணினிப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செயலியின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேகம், எளிமை. படத்தைத் தேர்ந்தெடுத்து, உடையின் படத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்துக்குள் விடை வந்துவிடுகிறது. நேராகப் பார்த்து நிற்கும் ஒருவருக்கு இடுப்புக்கு மேல் ஒரு சாதாரணச் சட்டையையோ குர்தாவையோ மாட்டிப் பார்க்க இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஓரத்தில் வரும் நீர்க்குறியும், நாளுக்கு இத்தனை படம்தான் என்ற கட்டுப்பாடும் எரிச்சல் தரும், பொறுத்துக்கொள்ளலாம். படம் நம் கைபேசியிலேயே மாறுவதில்லை, பெரும்பாலும் எங்கோ இருக்கும் கணினிக்குப் போய்த் திரும்பி வருகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அக்கா மகளிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் படத்தை அனுப்பினேன். கேட்காமல் யாருடைய படத்தையும் இதில் போடக் கூடாது.

பட்டுப் புடவைக்கு வந்ததும் கதை மாறியது. செயலி தந்த படத்தைக் கைபேசித் திரையில் பார்த்தபோது எல்லோரும் ஆகா என்றார்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கியதும் அவளே, “மாமா, இது என் மூக்கே இல்லையே” என்றாள். கரையில் இருந்த அன்ன வரிசை ஏதோ தங்க நிறப் புழுக்களைப் போல நெளிந்தது. முன்பக்கம் விழுந்திருந்த பின்னலைக் காணவில்லை. அது இருந்த இடத்திலும் பட்டுத்துணிதான் இருந்தது.

மூக்குக்கும் அன்னத்துக்கும் நேர்ந்த கேட்டின் காரணம் ஒன்றே. அது பிக்சல் கணக்கு. நிறம், ஒளி, உடல்வாகு என்று எத்தனையோ சொல்லலாம். ஆனால் தரத்தைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கைபேசி எடுத்த மூலப்படம் 3000×4000 பிக்சல். செயலி திருப்பித் தந்த கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தால் 768×1024. உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பரப்பில் பார்த்தால் சுமார் பதினைந்தில் ஒரு பங்குதான். அவள் உயரம் 160 செ.மீ.; தலை முதல் கால் வரை படத்தின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நிறைத்து நிற்கிறாள். மூலப்படத்தில் ஒரு செ.மீ. துணிக்கு இருபத்திரண்டு பிக்சலுக்குக் குறையாமல் கிடைக்கிறது. சுருங்கிய படத்தில் ஆறு பிக்சல்கூட இல்லை. கரையில் உள்ள அன்னம் ஒன்று சுமார் 2 செ.மீ. அகலம். அதை வரைய மிஞ்சுவது பதினோரு பிக்சல்.

பதினொன்றில்கூட அன்னத்தை ஓரளவுக்கு உணர்த்திவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் இரண்டாவது சுருக்கம் வருகிறது. 2022-இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனும் அதன் வழிவந்த உடைமாற்று மாதிரிகளும் பிக்சல்களில் நேரடியாக வரைவதில்லை. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கிய ஒரு குறியீட்டு வடிவத்தில் வேலை செய்து, கடைசியில் அதை விரித்துப் படமாக்குகின்றன. எட்டுக்கு எட்டு பிக்சல் சேர்ந்து அங்கே ஒரே ஒரு கட்டம். நம் அன்னத்துக்கு அகலத்தில் ஒன்றரைக் கட்டம்கூட வராது. அலகும் கழுத்தும் வாலும் அதற்குள் அடங்குமா? “தங்க நிறத்தில் ஏதோ வளைவு” என்ற அளவு செய்திதான் அடங்கும். மீதியை மாதிரி ஊகித்து நிரப்பும். புழு பிறப்பது அப்படித்தான்.

முகத்துக்கும் அதே கதி. முழு உருவப் படத்தில் தலை, உயரத்தில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். அதாவது 130 பிக்சல், பதினாறு கட்டம். அதற்குள் கண், மூக்கு, மூக்குத்தி, பொட்டு எல்லாம் இருக்க வேண்டும். உடையை மட்டும்தானே மாற்றச் சொன்னோம், முகம் ஏன் மாறுகிறது என்று கேட்கலாம். முழுப்படமும் சுருங்கி விரிவதால் தொடாத இடமும் தேய்கிறது. மூலப்படத்தின் முகத்தை எடுத்து மேலே மறுபடி ஒட்டும் செயலிகளில் இந்தக் குறை தெரியாது. நான் பயன்படுத்தியது ஒட்டவில்லை.

உயர்தரம் என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கோப்பு பெரிதாகிறது. ஆனால் இல்லாத அன்னத்தை அதனால் மீட்க முடியாது. புழுவின் விளிம்பைத்தான் கூர்மையாக்கித் தருகிறது. செயலி உண்மையில் எந்த அளவில் வரைந்தது என்று அறிய ஒரு வழி உண்டு: சங்கிலியின் கண்ணிகளையும் கரையில் திரும்பத் திரும்ப வரும் உருவங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு உருவங்கள் ஒன்றுபோல் இல்லாவிட்டால், கோப்பு எத்தனை பெரிதாக இருந்தாலும் வரைந்தது சின்ன அளவில்தான்.

கணினியும் பெரும்பாலும் இதே மாதிரிகளைத்தான் ஓட்டுகிறது. வேறுபாடு, எந்த இடத்தில் எத்தனை பிக்சலைச் செலவிடுவது என்பதை நாம் தீர்மானிப்பதில் இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு நான் பயன்படுத்தும் AUTOMATIC1111 முகப்பில், மாற்ற வேண்டிய இடத்தைத் தூரிகையால் பூசியபின் `Inpaint area` என்பதில் `Only masked` என்று தேர்ந்தெடுக்கலாம். பூசிய இடத்தையும் அதைச் சுற்றிச் சிறிது விளிம்பையும் மட்டும் வெட்டி எடுத்து, அதை 1024×1024 அளவில் வரைந்து, திரும்ப மூலப்படத்தில் பொருத்திவிடும். மூலத்தில் ஆயிரம் பிக்சல் சதுரமாக இருக்கும் முந்தானைத் துண்டுக்கு இப்போது முழு 1024-உம் கிடைக்கிறது. அதே அன்னத்துக்கு நாற்பத்தைந்து பிக்சல், ஐந்தாறு கட்டம். அலகு அலகாகத் தெரிய அது போதும். முகத்தின் மீது தூரிகை படாததால் மூக்கும் அவளுடைய மூக்காகவே இருக்கிறது. பின்னலைச் சுற்றிக் கவனமாகப் பூசினால் பின்னலும் தப்பிக்கிறது. செயலியில் உடையின் எல்லையை அதுவே முடிவு செய்கிறது, நாம் குறுக்கிட இடமில்லை.

இருந்தாலும் எழுத்தில் கேட்டு வாங்கும் பட்டு ஏதோ ஒரு பட்டாகத்தான் வரும்; கடையில் பார்த்து வைத்த அந்தப் புடவை வராது. உடையின் படத்தைக் காட்டி மாட்டும் மாதிரிகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பரவலாகப் பயிற்சி தந்த தரவுத் தொகுப்புகள் மேற்சட்டை, கீழாடை, கவுன் என்றே பிரிக்கப்பட்டவை. புடவையைக் கொடுத்தால் கொசுவம் பாவாடை மடிப்பாகிறது. முந்தானை தோளில் தொடங்கிப் பாதி வழியில் காணாமல் போகிறது.

அதனால் நான் புடவையை வரையச் சொல்லவே இல்லை. அக்காவின் சந்தன நிறப் பட்டை அவளுக்கு உடுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தேன். மடிப்பும் நிழலும் உண்மையானவை; மாற வேண்டியவை நிறமும் கரையும்தான். கிம்பில் புடவையை மட்டும் தேர்ந்தெடுத்து, நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கி, அதன்மேல் அரக்கு நிறத்தை ஒரு லேயராக `Multiply` முறையில் வைத்தேன். இந்த முறையில் அடியில் உள்ள நிழல் அப்படியே மேலே தெரியும். ஆனால் இது எப்போதும் கருமையைத்தான் கூட்டும். அடர்ந்த புடவையில் தொடங்கினால் எல்லாம் கரியாகிவிடும். வெளிர் நிறப் பட்டைத் தேடியது அதற்காகத்தான். பிறகு, கடையில் எடுத்த கரையின் படத்தை நீளத்துண்டாக வெட்டி, பழைய கரையின் மேல் வைத்து, மடிப்புக்கு ஏற்ப வளைத்தேன். பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். கொசுவத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்துண்டு வைக்க வேண்டும். ஒரே துண்டை நீட்டி வைத்தால் கரை காகிதம்போல் தட்டையாகக் கிடக்கும்.

இப்படிச் செய்த படத்தில் நிறம் சரி, அன்னம் சரி, பட்டின் மினுமினுப்பு மட்டும் குறைவு. அதற்குத்தான் கடைசியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன். கொடுத்த படத்திலிருந்து எவ்வளவு விலகி வரையலாம் என்பதைக் குறிக்கும் `Denoising strength` என்ற அளவை 0.3-ஐ ஒட்டி வைத்து, முந்தானை, இடுப்பு, கொசுவம் என்று பகுதி பகுதியாக ஓட்டினேன். இந்த அளவில் அது வடிவத்தைத் தொடாமல் ஒட்டு வேலையின் விளிம்புகளை மறைத்து, மடிப்பின் மேட்டில் பளபளப்பை ஏற்றுகிறது. 0.5-ஐத் தாண்டினால் அன்னம் மறுபடி நெளியத் தொடங்குகிறது.

செயலியை விட மனமில்லாதவர்கள் இதே கணக்கைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். முழு உருவப் படத்தைக் கொடுக்காமல் இடுப்புக்கு மேல் வெட்டிக் கொடுங்கள்; அதே 1024 பிக்சல் பாதி உடலுக்குக் கிடைக்கும், முகமும் கரையும் இரு மடங்கு தெளிவாக வரும். அரட்டைச் செயலி வழியாக வந்த படத்தைக் கொடுக்காதீர்கள், வழியிலேயே சுருங்கியிருக்கும். பின்னலை முதுகுப்பக்கம் போட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

என் சோதனை முழுவதும் பட்டுப் புடவையோடு நின்றது. ஷிஃபான், ஆர்கன்சா போன்ற ஊடுருவித் தெரியும் துணிக்கு `Multiply` வேலை செய்யுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அடியில் இருக்கும் ரவிக்கையும் தோலும் தெரிய வேண்டுமே. ஆண்களின் உடையில் கோட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். அதில் செயலிக்கும் கணினிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என் கணினியில் 8 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் அட்டை இருக்கிறது. அது இல்லாதவர்கள் மினுமினுப்பு ஏற்றும் கடைசிப் படியை விட்டுவிடலாம். கிம்ப் வேலை பழைய மடிக்கணினியிலும் ஓடும். நிறத்தைத் தேர்ந்தெடுக்க அதுவரைக்கும் போதும். எங்கள் வீட்டில் அந்த நிலையில் இருந்த படத்தைப் பார்த்தே மயில் கழுத்து நிறம் என்று முடிவாகிவிட்டது.